எண்ணெய்க் கறையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கூடை இருக்கும். தைத்து முடித்த சட்டைகளில் எண்ணெய்க் கறை பட்டவை அதில் போய்ச் சேரும். தையல் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் எண்ணெய் ஊசித் தண்டு வழியாகக் கசிந்து துணியில் ஒரு மிளகளவு பட்டாலே போதும், அந்தப் பீஸ் பேக்கிங்குக்குப் போகாது. ஒருவர் உட்கார்ந்து, கறை எடுக்கும் திரவத்தைத் துப்பாக்கியால் பீய்ச்சி, காற்றடித்து, காய்ந்ததும் திரும்பப் பார்த்து அனுப்ப வேண்டும். அந்தத் திரவத்தின் நெடி தலைவலியைத் தரும். கறை போன இடத்தில் வளையம் விழுந்துவிட்டால் பீஸே கழிவு.

“மெஷின்னா எண்ணெய் இருக்கும், எண்ணெய்னா கறை இருக்கும்” என்று இதை ஏற்றுக்கொண்டு நடக்கிற இடங்கள் ஏராளம். இப்படி எல்லோரும் பழகிப்போன தொல்லையைத்தான் கைசென் முறை கையில் எடுக்கிறது. வேலை செய்கிறவர்களே தங்கள் வேலையில் சின்னச் சின்ன மாற்றங்களைத் தொடர்ந்து செய்து, ஒவ்வொன்றின் பலனையும் பார்த்து, பலித்ததை மட்டும் நிலைநிறுத்துவதுதான் கைசென். புது மெஷின் வேண்டாம், பெரிய முதலீடு வேண்டாம். ஆனால் ஒரு நோட்டு கட்டாயம் வேண்டும். நோட்டு இல்லாமல் செய்கிற மாற்றம் பலித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜப்பானுக்கு வந்த வழி

இந்த முறை முழுக்க ஜப்பானில் முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமுள்ள ஆட்கள் போருக்குப் போய்விட, புதியவர்களைக் கொண்டு உற்பத்தியைப் பெருக்க வேண்டிய நெருக்கடி வந்தது. அப்போது அங்கே மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரி, ஒவ்வொன்றையும் ‘இது எதற்கு?’ என்று கேள், தேவையற்றதை நீக்கு, மீதியைச் சேர்த்தோ இடம் மாற்றியோ எளிதாக்கு என்பது அதன் ஒரு பகுதி. போர் முடிந்தபின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் மூலம் அந்தப் பயிற்சி ஜப்பானுக்குப் போனது. 1950இல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா அமெரிக்கா சென்று ஃபோர்டு ஆலையைப் பார்த்தார். தொழிலாளர்களிடம் யோசனை கேட்டு வாங்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. 1951இல் டொயோட்டாவும் அதைத் தொடங்கியது. மசாக்கி இமாய் 1986இல் எழுதிய புத்தகம் கைசென் என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுசென்றது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது, 1998இல், சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. பெரிய ஆலைகளில் கைசெனுக்குத் தனித் துறையே இருக்கிறது. இருபது மெஷின் போட்டு நடத்துகிற ஒருவருக்கு அது எப்படிக் கைகூடும் என்பதுதான் கேள்வி. எண்ணெய்க் கறையையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கீழே வரும் கம்பெனி ஒரு மாதிரிதான். நாளொன்றுக்கு ஆயிரம் டி-ஷர்ட் தைக்கிறது என்று, கணக்கு எளிதாகப் புரிவதற்காக வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் எண்ணுவது மட்டும்

முதல் வாரம் எதையும் மாற்றக் கூடாது. இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையில் யோசனை இருக்கும்போது ஒரு வாரம் சும்மா எண்ணிக்கொண்டிருப்பது வீண் என்று தோன்றும். ஆனால் இன்றைய நிலை எண்ணாகக் கையில் இல்லாவிட்டால் நாளைய நிலையை எதோடு ஒப்பிடுவது?

செக்கிங்கில் இருப்பவர் கறை பட்ட பீஸ் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுகிறார். திங்கள் முதல் சனி வரை 46, 31, 28, 33, 27, 33. வாரத்துக்கு 198. சராசரியாக நாளுக்கு 33, அதாவது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். இந்த எண்களிலேயே ஒரு சேதி இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் ஏன் 46? ஞாயிறு முழுக்க மெஷின் ஓடவில்லை. நின்றுகிடக்கும் மெஷினுக்கும் கறைக்கும் தொடர்பு இருக்கலாம்.

அதைச் சோதிக்கக் கறை எந்த நேரத்தில் விழுந்தது என்று தெரிய வேண்டும். காலையில் தைத்த பீஸ் மதியம்தான் செக்கிங்குக்கு வரும் என்பதால் செக்கிங் நேரத்தைக் குறித்துப் பயனில்லை. அதனால் வாரத்தின் தொடக்கத்திலேயே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். காலை முதல் ஒரு மணி நேரத்தில் தைத்த பண்டலின் சீட்டில் கைமடி வேலை செய்பவர் சிவப்புக் கோடு போடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஒரு மணி நேரத்துக்கு நீலக் கோடு. மற்ற சீட்டுகளில் எதுவும் இல்லை. செலவு இரண்டு பேனா.

வாரக் கடைசியில் பிரித்துப் பார்த்தால், 198 கறைகளில் காலை முதல் மணி நேரத்தில் 84, சாப்பாட்டுக்குப் பிந்திய மணி நேரத்தில் 31, மீதி நேரம் முழுவதுக்கும் 83. நாளின் ஒரே ஒரு மணி நேரம் பத்தில் நான்குக்கு மேற்பட்ட கறைகளைப் போடுகிறது. கைமடி அக்காவைக் கேட்டால், “காலைல முதல்ல வர்ற பீஸ்லதானுங்க நிறைய இருக்கும், எனக்கு எப்பவும் தெரியுங்களே” என்பார். அவருக்குத் தெரிந்ததை அதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், எண் இல்லாமல் அது ஒருவரின் அபிப்பிராயமாக மட்டும் நின்றிருக்கும்.

ஒரு சமயத்தில் ஒரே மாற்றம்

இரவெல்லாம் நின்ற மெஷினில் எண்ணெய் மெல்ல இறங்கி ஊசித் தண்டின் நுனியில் தேங்குகிறது. காலையில் பெல்ட் சுற்றியதும் அது முதல் சில பீஸ்களில் விழுகிறது. இதற்கு இரண்டு வழி தோன்றும். மாலை மெஷினை நிறுத்தும்போது ஊசிக்கு அடியில் மடித்த வேஸ்ட் துணியை வைத்துவிட்டுப் போகலாம். அல்லது காலையில் முதல் பீஸுக்கு முன் வேஸ்ட் துணியில் அரை நிமிடம் தைத்து ஓட்டலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கறை குறையும்போது எதனால் குறைந்தது என்று தெரியாது. இல்லாத பலனுக்காக ஒரு வேலையைக் காலமெல்லாம் சுமக்க வேண்டிவரும். அதனால் இரண்டாவதை மட்டும், காலையிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் செய்து பார்க்கிறார்கள்.

இரண்டாம் வார எண்கள் 27, 20, 22, 18, 21, 18. மொத்தம் 126. இங்கே நின்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, இது உண்மையான இறக்கமா, வழக்கமான ஏற்ற இறக்கமா? முதல் வாரத்தில் எதையும் மாற்றாமலே எண் 27க்கும் 46க்கும் இடையில் ஆடியது. மாற்றம் செய்த மறுநாள் 28 வந்திருந்தால் அதைக் கொண்டாட எந்தக் காரணமும் இல்லை, அது பழைய ஆட்டத்துக்குள்ளேயே அடங்கும். ஆனால் இரண்டாம் வாரத்தில் திங்கள் தவிர மற்ற எல்லா நாளும் பழைய வாரத்தின் மிகக் குறைந்த நாளைவிடக் கீழே இருக்கிறது. திங்கள்கூட 46இலிருந்து 27க்கு இறங்கியிருக்கிறது. ஒரு நாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் வாரத்தை வாரத்தோடு ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான். உற்பத்தி ஏறி இறங்கினால் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது, ஆயிரம் பீஸுக்கு எத்தனை என்று போட்டு ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் கேள்வி, குறைய வேண்டிய இடத்தில்தான் குறைந்ததா? காலை முதல் மணி நேரம் 84இலிருந்து 22 ஆகியிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் 31இலிருந்து 18. மீதி நேரத்தில் 83 இருந்தது, இப்போது 86. கிட்டத்தட்ட அப்படியே. நாம் கை வைத்த நேரத்தில் இறங்கி, கை வைக்காத நேரத்தில் மாறாமல் இருப்பதைவிட நல்ல சான்று கிடையாது. எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். துணியின் நிறம் மாறியிருக்கலாம், ஏனென்றால் அடர்ந்த நிறத்தில் கறை கண்ணில் படாது. செக்கிங்கில் ஆள் மாறியிருக்கலாம்.

மீதி 86 எங்கிருந்து?

நாள் முழுக்கப் பரவலாக விழும் 86 கறைகளுக்கு நேரம் துப்புக் கொடுக்காது. இடம் கொடுக்கும். செக்கிங் மேசையில் ஒரு பெரிய தாளில் டி-ஷர்ட் படம் வரைந்து ஒட்டுகிறார்கள். கறை எங்கே இருக்கிறதோ படத்தில் அங்கே ஒரு புள்ளி. இரண்டே நாளில் இடது கை மூட்டுகிற தையலோரம் புள்ளிகள் எறும்பு மொய்த்தாற்போல் சேர்ந்துவிட்டன. அந்தத் தையலைப் போடுவது ஓவர்லாக் மெஷின் இரண்டு. பண்டல் சீட்டைப் பார்த்தால் பெரும்பாலானவை ஏழாம் நம்பர் மெஷினில் தைத்தவை.

இனி ‘ஏன்’ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஏழாம் மெஷினில் ஏன் கறை? ஊசித் தண்டில் எண்ணெய் இறங்குகிறது. ஏன் இறங்குகிறது? உள்ளே இருக்கும் ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது. ஏன் மாற்றவில்லை? டெய்லர் இருமுறை சொல்லியிருக்கிறார், மெக்கானிக் மறந்துவிட்டார். ஏன் மறந்தார்? வாய்ச்சொல்லாகச் சொல்லப்பட்டது, எழுதப்படவில்லை. ‘மெக்கானிக் சரியில்லை’ என்று மூன்றாவது கேள்வியில் நின்றிருந்தால் ஆளைத் திட்டியதோடு கதை முடிந்திருக்கும். இன்னும் ஒரு படி போனதால், மெஷின் பழுதை எழுதிவைக்க ஒரு பலகை தேவை என்ற இடத்துக்கு வர முடிந்தது. சீல் மாற்றப்பட்டது. மூன்றாம் வார மொத்தம் 75. மீதி நேரக் கறை 86இலிருந்து 39 ஆனது.

நான்காம் வாரம் இன்னொரு யோசனை. பீஸ் விழும் தட்டை இரண்டு மணிக்கொரு தரம் துடைத்தால் என்ன? துடைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 78. எந்த வித்தியாசமும் இல்லை, நிறுத்திவிட்டார்கள். தோற்றுப்போன இந்த வரியும் நோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் இதே யோசனையோடு வந்து இன்னொரு வாரத்தைச் செலவிடுவார்.

நோட்டில் என்ன எழுதுவது?

நாற்பது பக்க நோட்டில் ஆறு கட்டம் போட்டால் போதும். மேலே சொன்ன கதை முழுவதும் அதில் மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது.

| வாரம் | என்ன தொல்லை | என்ன மாற்றினோம் | முன்பு | பின்பு | முடிவு, யோசனை சொன்னவர் |
|---|---|---|---|---|---|
| 2 | காலையிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் கறை | வேஸ்ட் துணியில் அரை நிமிடம் ஓட்டுதல் | 198 | 126 | தொடர்க. கைமடி |
| 3 | இடது கை தையலில் கறை | 7ஆம் மெஷின் ஆயில் சீல் மாற்றம் | 126 | 75 | தொடர்க. டெய்லர் |
| 4 | மீதிக் கறை | தட்டைத் துடைத்தல் | 75 | 78 | பலனில்லை, நிறுத்துக. செக்கிங் |

‘முன்பு’ என்ற எண்ணை மாற்றம் செய்வதற்கு முன்னரே எழுதிவிட வேண்டும். பின்னால் நினைவிலிருந்து எழுதினால் நம் ஆசைக்கு ஏற்றபடி அது கூடிவிடும். ‘முடிவு’ கட்டம் காலியாக இருக்கும்போது அடுத்த வரியைத் தொடங்கக் கூடாது. நன்றாக இருந்தது, ஓரளவு குறைந்தது போன்ற சொற்களுக்கு இந்த நோட்டில் இடமில்லை. எண்ண முடியாததை நிமிடத்தில் அளக்கலாம், அடியில் அளக்கலாம், எத்தனை பேர் கேட்க வந்தார்கள் என்று குறிக்கலாம்.

பலன் எழுதும்போது செலவையும் எழுத வேண்டும். ஒரு கறை எடுக்க மூன்று நிமிடம் என்றால், வாரத்துக்கு 123 கறை குறைந்ததில் சுமார் ஆறு மணி நேர வேலை மிச்சம். ஆனால் இருபது மெஷினும் நாளுக்கு இரண்டு முறை அரை நிமிடம் வேஸ்ட் துணியில் ஓடுவதில், வாரத்துக்கு இரண்டு மணி நேரத் தையல் போகிறது. உண்மையான மிச்சம் நான்கு மணி நேரம்தான். சிறிய கம்பெனிக்கு இது நல்ல மிச்சமே, ஆறு என்று சொல்லிக்கொள்ள அவசியமில்லை.

இன்னோர் எண்ணையும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். செக்கிங்கில் தப்பி, அயர்ன் மேசையில் கண்டுபிடிக்கப்படும் கறைகள் எத்தனை? செக்கிங் எண்ணிக்கை இறங்க, அயர்ன் மேசையில் எண்ணிக்கை ஏறினால் கறை குறையவில்லை, கண்தான் தவறுகிறது.

ஏன் பாதியில் நின்றுபோகிறது?

பலித்த மாற்றம் தானாக நிலைக்காது. அவசர ஆர்டர் வந்த காலையில் முதலில் கைவிடப்படுவது அந்த அரை நிமிட ஓட்டம்தான். பனியன் கம்பெனிகளில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள், புதிதாக வந்த டெய்லருக்கு இந்த வழக்கம் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே ‘தொடர்க’ என்று எழுதிய ஒவ்வொரு வரியும் மெஷினருகே ஒட்டிய ஒரு தாளாக மாற வேண்டும், புதியவருக்கு முதல் நாளே சொல்லித்தரப்பட வேண்டும். மாதம் ஒரு நாள் மறுபடியும் கோடு போட்டு எண்ண வேண்டும். எண் ஏறியிருந்தால் வழக்கம் நழுவிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, பயம். ஏழாம் மெஷினில்தான் கறை அதிகம் என்று தெரிந்ததும் அந்த டெய்லரைக் கூப்பிட்டுத் திட்டினால், அடுத்த வாரத்திலிருந்து பண்டல் சீட்டில் மெஷின் நம்பர் தெளிவாக இருக்காது. எண் ஒருமுறை பொய்யாகிவிட்டால் நோட்டு முழுவதும் பயனற்றது. கறை எண்ணிக்கை திடீரென்று விழுந்து, வாடிக்கையாளரின் புகார் அப்படியே இருந்தால், நடப்பது இதுதான் என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, கூலி. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வேஸ்ட் துணியில் ஓட்டும் நேரம் சொந்த நஷ்டம். யோசனை பேச வேலை முடிந்தபின் அரை மணி நேரம் இருக்கச் சொன்னால் அதுவும் அவர் நேரமே. டொயோட்டாவிலேயே இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2002இல் அங்கே ஒரு இளம் ஊழியர் பணியிடத்தில் சரிந்து இறந்தார். அவர் தரவட்ட வேலைகளுக்காகச் செலவிட்ட நேரமும் வேலை நேரமே என்று 2007இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் ஏற்று, அதை மிகைவேலையால் நேர்ந்த மரணம் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, அதுவரை பெரும்பாலும் விருப்பப் பணியாகக் கருதப்பட்ட அந்த நேரத்துக்கு முழுமையாகக் கூலி கொடுப்பதாக நிறுவனம் அறிவித்தது. இந்த முறையின் தாய்வீடே கற்ற பாடம் இது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. கூரை ஒழுகுகிற, மின்சாரம் நிலையாக இல்லாத, மாதச் சம்பளம் தள்ளிப்போகிற இடத்தில் நோட்டுப் போட்டு எதுவும் ஆகாது. அங்கே முதலாளி செய்ய வேண்டிய பெரிய காரியங்கள் முதலில் நடக்க வேண்டும். மெஷின் தலைமுறையே பழசாகிவிட்டால், எத்தனை சீல் மாற்றினாலும் கறை ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. நான்கைந்து மாற்றம் செய்தும் எண் அசையவில்லை என்று நோட்டு காட்டினால், புது மெஷின் வாங்கும் முடிவுக்கு அதுவே ஆதாரம்.

பனியன் கம்பெனியில்தான் என்றில்லை. மருந்துக்கடையில் தவறாக எடுத்துவரும் மாத்திரை அட்டைகள், அலுவலகத்தில் ஒரு கையெழுத்து குறைந்து திரும்பும் விண்ணப்பங்கள், ஓட்டலில் திரும்பி வரும் தட்டுகள் என்று எதையும் இப்படி எண்ணலாம். உங்கள் இடத்தில் எல்லோரும் பழகிப்போன ஒரே ஒரு தொல்லையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வரும் திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கோடு மட்டும் போடுங்கள். எண்ணுகிறவருக்கும் யோசிக்கிறவருக்கும் அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுங்கள். பலித்த வரியின் ஓரத்தில் யோசனை சொன்னவரின் பெயரை, அவர் கைமடியாக இருந்தாலும், முழுதாக எழுதுங்கள்.